மலைப்பாதை பைக்கில் 10டபிள்யூ-40 ஆயில் ஏன் தண்ணியாகிறது?

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வேலைக்காகத் தினமும் பைக்கில் போய் வருகிறேன். 150 சிசி, ஏர் கூல்டு வண்டி. 10டபிள்யூ-40 ஆயில் ஊற்றினால் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம் கியர் முரட்டுத்தனமாக விழுகிறது, எஞ்சின் சத்தமும் கூடுகிறது. மெக்கானிக் "ஆயில் தண்ணியா போச்சு" என்கிறார். அதே ஆயிலை மனைவியின் ஸ்கூட்டரில் ஊற்றினால் இப்படி ஆவதில்லை. ஆயில் மோசமா, வண்டி மோசமா? 20டபிள்யூ-50க்கு மாறலாமா, சார்?

பதில்:

இரண்டுமே மோசமில்லை. உங்கள் ஆயிலைக் கெட்டியாக வைத்திருந்த பாலிமர் சங்கிலிகளை உங்கள் பைக்கின் கியர் பற்கள் அறுத்துவிட்டன. ஸ்கூட்டரில் எஞ்சின் ஆயில் கியர் பக்கம் போவதே இல்லை, அதனால் அங்கே அது பிழைத்துக்கொள்கிறது. 20டபிள்யூ-50க்கு மாறுவது ஒரு வழிதான், ஆனால் அதைவிடப் பொருத்தமான வழி இருக்கிறது. அதற்கு ஆயில் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணெயும் சூடானால் இளகும். எவ்வளவு வேகமாக இளகுகிறது என்பதற்குத்தான் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்ற எண். 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் இந்த அளவுகோலை வகுத்தார்கள். அன்று கிடைத்ததில் சூட்டுக்கு மிகக் குறைவாக இளகிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக மோசமாக இளகிய வளைகுடாக் கரை எண்ணெய்க்குச் சுழி என்றும் வைத்தார்கள். இன்றைய சாதாரண மினரல் அடிப்படை எண்ணெய் அந்த அளவுகோலில் 100ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் 10டபிள்யூ-40 என்று டப்பாவில் போட வேண்டுமானால் அது போதாது. கடுங்குளிரில் 10டபிள்யூ அளவுக்கு இளக்கமாகவும், 100 டிகிரி சூட்டில் 40 கிரேடு அளவுக்குக் கெட்டியாகவும் ஒரே எண்ணெய் இருந்தாக வேண்டும்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் செய்வது இதுதான். 10டபிள்யூ குளிர்ச் சோதனையில் தேறக்கூடிய இளக்கமான எண்ணெயை எடுத்துக்கொண்டு, அதில் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் இம்ப்ரூவர் என்ற பாலிமரைக் கரைக்கிறார்கள். எஞ்சின் ஆயிலில் அதிகம் புழங்குவது எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்ந்த ஓலிஃபின் கோபாலிமர். பாலிமெத்தாக்ரிலேட், ஸ்டைரீன் சேர்ந்த வகைகள், நட்சத்திர வடிவில் கிளை விட்ட வகைகள் என்றும் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் மிக நீளமான சங்கிலி, எண்ணெய்க்குள் சிக்குப் பிடித்த நூல் சுருளைப் போல மிதக்கும். அந்தச் சுருள் அடைத்துக்கொள்ளும் இடம்தான் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்துக் கெட்டித்தன்மை தருகிறது. குளிரில் அதன் பங்கு ஒப்பளவில் சிறியது, சூட்டில் பெரியது.

சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு கெட்டிப்படுத்தும். அதனால் நீளமான பாலிமரைக் கொஞ்சமாகப் போட்டாலே போதும், செலவும் குறைவு. ஆனால் நீளமான சங்கிலிதான் முதலில் அறுபடும். கியர் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும் இடைவெளியில் எண்ணெய் நுழையும்போது சங்கிலியின் ஒரு முனை ஒரு வேகத்திலும் மறுமுனை இன்னொரு வேகத்திலும் இழுபடுகிறது. இழுவிசை உச்சத்தில் இருப்பது நடுப்பகுதியில், எனவே அது பெரும்பாலும் நடுவிலேயே அறுகிறது. பாதி நீளமுள்ள இரண்டு துண்டுகள் சேர்ந்தாலும் முழுச் சங்கிலி அடைத்த இடத்தை அடைப்பதில்லை. இந்த இழப்பு நிரந்தரமானது. வண்டியை நிறுத்தி ஆற வைத்தாலும் திரும்பி வராது.

நிரந்தரமில்லாத இன்னோர் இழப்பும் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிராங்க் பேரிங் மாதிரி வேகமாகச் சறுக்கும் இடங்களில் சுருள்கள் அறுபடாமல் ஓட்டத் திசையில் நீண்டு படுத்துக்கொள்ளும். அந்த நொடிக்கு எண்ணெய் இளகும், வெளியே வந்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும். டப்பாவின் டேட்டா ஷீட்டில் எச்.டி.எச்.எஸ். என்று ஓர் எண் இருக்குமே, அது 150 டிகிரியில் இப்படி நெருக்கும்போது எண்ணெயில் எவ்வளவு கெட்டி மிஞ்சுகிறது என்பதன் அளவு. 10டபிள்யூ-40க்கு அது 3.5க்குக் குறையக் கூடாது, 20டபிள்யூ-40க்கு 3.7.

இனி உங்கள் வழக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. விதிப்படி 40 கிரேடு என்றால் 100 டிகிரியில் விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 12.5 சென்டிஸ்டோக்ஸ் முதல் 16.3க்குள் இருக்க வேண்டும். 9.3 முதல் 12.5க்குள் இருந்தால் அது 30 கிரேடு. உங்கள் 10டபிள்யூ-40 புதிதாக 14.5 என்று வைத்துக்கொள்வோம். பாலிமர் இல்லாமல் மற்ற எல்லாம் கலந்திருக்கும் நிலையில் அது 7.5தான் இருந்திருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆக 14.5இல் 7 சென்டிஸ்டோக்ஸ் பாலிமர் கொடுத்தது.

பாலிமர் விற்பவர்கள் ஒவ்வொரு சரக்குக்கும் ஷியர் ஸ்டெபிலிட்டி இண்டெக்ஸ் என்று ஓர் எண் தருவார்கள். பாலிமர் கொடுத்த கெட்டித்தன்மையில் நூற்றுக்கு எவ்வளவு அறுபட்டுப் போகும் என்பதே அது. எண் பெரிதாக இருந்தால் பாலிமர் பலவீனம் என்று பொருள். 50 எண் கொண்ட மலிவான பாலிமர் என்றால் 7இல் பாதி, அதாவது 3.5 போய்விடும். மிஞ்சுவது 11.0. நீங்கள் 40 கிரேடு என்று வாங்கிய ஆயில் இப்போது 30 கிரேடு. அதே இடத்தில் 25 எண் கொண்ட பாலிமர் இருந்தால் இழப்பு 1.75தான். 12.75 மிஞ்சும், இன்னும் 40தான்.

இப்போது 20டபிள்யூ-40ஐப் பாருங்கள். 20டபிள்யூ சோதனை அவ்வளவு குளிரில் நடப்பதில்லை என்பதால் அடிப்படை எண்ணெயே கெட்டியாக இருக்கலாம், 11 என்று வைத்துக்கொள்வோம். அதே 14.5க்குக் கொண்டுவரப் பாலிமர் தர வேண்டியது 3.5 மட்டுமே. இதில் அந்த மலிவான, 50 எண் பாலிமரையே போட்டாலும் இழப்பு 1.75தான், மிஞ்சுவது அதே 12.75. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஒவ்வொரு ஆயிலுக்கும் மாறும். ஆனால் விஷயம் இதுதான்: இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் பாதியாகும்போது மலிவான பாலிமரும் நல்ல பாலிமர் அளவுக்குத் தாக்குப்பிடிக்கிறது. அறுபடுவதற்கு அங்கே அதிகம் இல்லை.

பாலிமரே குறைவாகத் தேவைப்படும் இன்னொரு வகை, நல்ல சிந்தெடிக் அடிப்படை எண்ணெயில் செய்த 10டபிள்யூ-40. அதன் சொந்த இண்டெக்ஸே 120க்கு மேல் இருக்கும். பாதி வேலையை எண்ணெயே செய்துவிடுவதால் பாலிமரை நம்பியிருப்பது குறைகிறது. மினரல் ஆயிலின் டேட்டா ஷீட்டில் இண்டெக்ஸ் எண் மிகப் பெரிதாக இருந்தால் நான் மகிழ்வதில்லை. அந்த உயரம் எண்ணெயிலிருந்து வந்ததல்ல, பாலிமரிலிருந்து வந்தது. ஓட ஓட இறங்கிவிடும்.

அப்படியானால் உங்கள் பைக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் எஞ்சினில் பாலிமர் சந்திக்கும் பெரிய அறுவை இயந்திரம் கேமும் ஆயில் பம்ப்பும்தான், பைக்கில் அதோடு கியர் பற்களும் சேர்ந்துகொள்கின்றன. அடுத்தது அளவு. காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும், உங்கள் வண்டியில் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒவ்வொரு சொட்டும் அடிக்கடி பற்களுக்கிடையே போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது உங்கள் பாதை. பாலிமர் அறுபடுவது கிலோமீட்டரைப் பொறுத்ததல்ல, பற்கள் எத்தனை முறை எவ்வளவு பாரத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாவது, மூன்றாவது கியரை விட்டு நீங்கள் அதிகம் வெளியே வந்திருக்க மாட்டீர்கள். டாப் கியரோடு ஒப்பிட்டால் அதே ஒரு கிலோமீட்டருக்கு மூன்றாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கும், இரண்டாவதில் இரண்டு மடங்கும் சுற்றுகிறது. ஏறும்போது பற்களில் முழு பாரம். இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் பற்களின் மறுபக்கத்தில் பாரம். ஓமலூர் ரோட்டில் டாப் கியரில் ஓடும் வண்டியின் மூவாயிரம் கிலோமீட்டரும் உங்கள் மூவாயிரமும் ஒன்றல்ல. ஸ்கூட்டரில் இதெல்லாம் கிடையாது. பெல்ட்டில் ஓடுகிறது, பின்சக்கரத்தை ஒட்டிய சிறு கியர்களுக்குத் தனி ஆயில் இருக்கிறது.

டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை இருக்கிறதே, அது இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனிக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு சோதனை உண்டு: ஆயிலை டீசல் இன்ஜெக்டர் முனை வழியாக உயர் அழுத்தத்தில் 30 முறை செலுத்தி, அப்புறம் 100 டிகிரியில் அளப்பார்கள். ஆனால் 40 கிரேடுக்கு அங்கே கேட்கும் குறைந்தபட்ச அளவு 12.0. எஸ்.ஏ.இ. கேட்பதோ 12.5. அதாவது சோதனை முடிவில் ஓர் ஆயில் 12.2இல் நின்றால் ஜாசோவில் தேர்ச்சி, 40 கிரேடு எல்லையில் மட்டும் கீழே இறங்கிவிட்டது. அதோடு, மலையேறும் கியர்பாக்ஸ் அந்த 30 முறையைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம். லாரி டீசல் ஆயிலுக்கான சிகே-4 தரத்தில் இதே சோதனையை 90 முறை செய்து, அதற்கப்புறமும் கிரேடுக்குள் நிற்க வேண்டும் என்கிறார்கள். இதைக் கேட்டு லாரி ஆயிலை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். ஜாசோ எம்.ஏ. முத்திரையும் சேர்ந்து இல்லாவிட்டால் எண்ணெயில் மூழ்கிய உங்கள் கிளட்ச் வழுக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்த இழப்பு முடிவில்லாமல் போகாது. நீளமான சங்கிலிகள் முதலில் அறுபடும். ஓரளவு குட்டையானதும் இழுக்கப் போதிய நீளம் இல்லாமல் தப்பிவிடும். எனவே பெரும்பகுதி இறக்கம் முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டரிலேயே நடந்து, அப்புறம் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். அதற்கும் பிறகு சூட்டில் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மறுபடி கெட்டியாகத் தொடங்கும். ரொம்ப நாள் மாற்றாமல் ஓட்டிய ஆயிலை அளந்து "14 இருக்கிறது, அப்படியே புதிதாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பக்கம் அறுபட்டு இளகியதும், இன்னொரு பக்கம் கெட்டுப்போய்த் தடித்ததும் ஒன்றையொன்று மறைத்து நிற்கலாம்.

உங்கள் ஆயில் உண்மையிலேயே அறுபட்டதா, அல்லது பெட்ரோல் கலந்து இளகியதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். விரலில் தேய்த்துப் பார்ப்பதாலோ கறுப்பாக இருக்கிறது என்பதாலோ எதுவும் தெரியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒப்பீடு ஒன்று உண்டு. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அதே டப்பாவின் புது ஆயிலில் கொஞ்சமும், இறக்கிய பழைய ஆயிலில் கொஞ்சமும் எடுத்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒரே இடத்தில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். ஒரு டிகிரி வித்தியாசமே ஐந்து சதவீதத்துக்குக் கிட்டத்தட்டப் பிழை தரும் என்பதால் இந்தக் காத்திருப்பு முக்கியம். மறுநாள் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சை எடுத்து, பிஸ்டனை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து 20 கோடு வரை புது ஆயிலை ஊற்றுங்கள். விரலை எடுத்ததும், மட்டம் 5 கோட்டுக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். பிறகு சிரிஞ்சை நன்றாகத் துடைத்துப் பழைய ஆயிலுக்கும் அதையே செய்யுங்கள்.

தன் எடையில் தானே வழியும் எண்ணெயின் நேரம் அதன் கைனமேட்டிக் விஸ்காசிட்டிக்கு ஏற்ப மாறும், ஆய்வகக் கண்ணாடிக் குழாயும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. புதுசுக்கு 80 நொடியும் பழசுக்கு 61 நொடியும் வந்தால் ஏறக்குறைய 24 சதவீதம் போயிருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 14.5, 11.0 ஆனதும் இதே அளவுதான். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கையின் பிழையே அவ்வளவு இருக்கும்.

பெட்ரோல் சந்தேகத்தை விலக்க, மலையேறி முடித்த நாளில் ஆயில் நல்ல சூடாக ஓடிய பிறகு மாதிரி எடுங்கள். நீண்ட ஓட்டத்தில் பெட்ரோல் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அதனால்தான் உங்கள் விஷயத்தில் பெட்ரோலை நான் முதல் சந்தேகமாக வைக்கவில்லை. ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் வண்டிக்குத்தான் அந்தத் தொல்லை அதிகம். ஆயில் மட்டம் ஊற்றிய அளவைவிட ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசனையைச் சோதிக்கிறேன் என்று ஆயிலை அடுப்பில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் 40, 100 டிகிரி இரண்டிலும் விஸ்காசிட்டியும், கூடவே ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலையான ஃபிளாஷ் பாயிண்டும் கேளுங்கள். ஃபிளாஷ் பாயிண்ட் புது ஆயிலைப் போலவே இருந்து, விஸ்காசிட்டியும் அதன் இண்டெக்ஸும் சேர்ந்து இறங்கியிருந்தால் பாலிமர்தான் அறுபட்டிருக்கிறது. ஃபிளாஷ் பாயிண்ட் சரிந்திருந்தால் பெட்ரோல்.

எஞ்சின் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. 11 சென்டிஸ்டோக்ஸ் என்பது ஒரு நடுத்தர 30 கிரேடு. நம் ஊரில் எத்தனையோ பைக்குகள் தொழிற்சாலையிலிருந்தே 10டபிள்யூ-30இல் நன்றாக ஓடுகின்றன. உங்கள் கையேடு 30ஐயும் அனுமதித்தால் இது பெரும்பாலும் கியர் விழும் தன்மையிலும் சத்தத்திலும் தெரியும் குறைதான். 40 மட்டும் என்று கையேடு சொல்லியிருந்தால், சித்திரை வெயிலில் இரண்டாவது கியரில் ஏறும் ஏர் கூல்டு எஞ்சினுக்கு அந்த இழப்பு பொருட்டானது.

சரி, எதை ஊற்றுவது? 20டபிள்யூ-50இல் என்ன நடக்கும் என்றால், 18.5இல் தொடங்கும் ஆயில், அடிப்படை 12, பாலிமர் 50 எண் என்று வைத்தால் 15.25க்கு வந்து நிற்கும். 50 கிரேடும் 40 ஆகிவிடுகிறது, ஆனால் உங்களுக்கு வேண்டிய 40க்குள்ளேயே நிற்கிறது. அதற்கு விலையாக, தொடக்கத்தில் தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலோடு ஓட்டுவீர்கள். காலையில் கிளட்ச் ஒட்டியது போல இழுக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். கையேட்டில் 50 இல்லையென்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

20டபிள்யூவின் குளிர்ச் சோதனை மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. ஏற்காட்டில் மார்கழி விடியலில்கூடத் தண்ணீர் உறைவதில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய் வருபவருக்கு 10டபிள்யூவின் அந்தக் கூடுதல் குளிர்த் தகுதி எந்த வகையிலும் பயன்படாது. ஆனால் அதற்காகத்தான் இளக்கமான அடிப்படையும் இவ்வளவு பாலிமரும். எனவே கையேடு இடம் கொடுத்தால், ஜாசோ எம்.ஏ. முத்திரை உள்ள 20டபிள்யூ-40தான் என் முதல் தேர்வு. விலையும் குறைவு. கையேடு 10டபிள்யூ-40ஐத்தான் கேட்கிறது என்றால் முழு சிந்தெடிக்கைப் பாருங்கள். டேட்டா ஷீட்டில் எச்.டி.எச்.எஸ். 4ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதையும், 100 டிகிரி விஸ்காசிட்டி 12.5 விளிம்பில் இல்லாமல் 14ஐ ஒட்டி இருப்பதையும் தேர்ந்தெடுங்கள்.

தண்ணியான ஆயிலைக் கெட்டியாக்கும் என்று கடையில் தரும் சிறு பாட்டில்களை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது இதே போன்ற பாலிமர் கரைசல்தான், அதே கியர் பற்கள் அதையும் அறுக்கும். கிளட்ச்சுக்கு அது என்ன செய்யும் என்பதும் பாட்டிலில் எழுதியிருக்காது.

மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, புது ஆயிலில் ஓடத் தொடங்கிய பிறகு 1,500, 3,000 கிலோமீட்டர் இரண்டிலும் சிரிஞ்சு நேரத்தைக் குறித்து வையுங்கள். 1,500இல் எடுப்பதற்கு டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை, ஊற்றும் வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு 25 மில்லி உறிஞ்சிக்கொண்டு அதே அளவு புது ஆயிலை ஊற்றிவிடலாம். இரண்டு நேரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அறுபட வேண்டியது அறுபட்டு முடிந்துவிட்டது, கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரை ஓட்டலாம். 3,000இலும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஆயிலை அந்தக் கிலோமீட்டரிலேயே மாற்றிவிட்டு, அடுத்த முறை வேறு டப்பா வாங்குங்கள்.